மச்சானுக்குப் போகும் 700 மணி நேரம்

கேள்வி: கோவை கணபதியில் மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன். மூன்று சி.என்.சி. லேத், ஒரே ஒரு வி.எம்.சி. மில்லிங் மெஷின் இருக்கின்றன. லேத்துகள் பாதி நேரம் சும்மா நிற்கின்றன. வி.எம்.சி. இரண்டு ஷிப்டும் ஓடுகிறது. மூன்றாவது ஷிப்டுக்கு செட்டர் கிடைக்கவில்லை. இப்போது மூன்று வருட ஆர்டர்கள் மூன்று வந்திருக்கின்றன. கியர்பாக்ஸ் ஹவுசிங்குக்கு ஃபிக்சர், டூல் செலவு 8 லட்சம், வருடம் 16 லட்சம் கையில் நிற்கும், வி.எம்.சி.யில் 1,800 மணி நேரம் பிடிக்கும். வால்வு பாடிக்கு 3 லட்சம், 9 லட்சம், 800 மணி. பம்ப் பிராக்கெட்டுக்கு 2 லட்சம், 8 லட்சம், 900 மணி. எல்லாம் சைக்கிள் டைம் கணக்கு. வருடத்தில் 2,000 மணிதான் காலி. மூன்று வருட வரவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, போட்ட காசைக் கழித்து ஆடிட்டர் 12 சதவீதத்தில் போட்ட என்.பி.வி. 30.4 லட்சம், 18.6, 17.2. "ஹவுசிங்கை எடுங்கள்" என்கிறார். பேங்க்காரர் போட்ட காசுக்கு பிராக்கெட்தான் லாபம் என்கிறார். மச்சான் 45 லட்சம் லோன் போட்டு இன்னொரு வி.எம்.சி. வாங்கச் சொல்கிறார். அவர் வேலையும் மணிக்கு 400 ரூபாய் சலுகை விலையில் வருடம் 700 மணி இதே மெஷினில் ஓடுகிறது. அதை நிறுத்த முடியாது. எதை எடுப்பது? ராத்திரி தூக்கம் வரவில்லை.

பதில்: ஆடிட்டரும் பேங்க்காரரும் கணக்கில் தப்பு செய்யவில்லை. ஆனால் இருவரும் உங்களிடம் பற்றாக்குறையாக இல்லாத ஒன்றை அளந்திருக்கிறார்கள். எது பெரிய தொகை என்று பார்ப்பது, எல்லா ஆர்டரையும் எடுக்க முடிகிறவருக்குச் சரி. ஒரு ரூபாய் போட்டால் எவ்வளவு வரும் என்று பார்ப்பது, கையில் காசு இல்லாதவருக்குச் சரி. உங்களுக்குக் காசு இருக்கிறது, லேத் இருக்கிறது, ஆர்டரும் இருக்கிறது. இல்லாதது வி.எம்.சி. நேரம் ஒன்றுதான். அப்படியென்றால் என்.பி.வி.யை மூன்று வருட வி.எம்.சி. மணியால் வகுக்க வேண்டும்.

ஹவுசிங் மூன்று வருடத்தில் 5,400 மணி தின்கிறது. 30.4 லட்சத்தை அதால் வகுத்தால் மணிக்கு சுமார் 563 ரூபாய். வால்வு பாடி 2,400 மணிக்கு 18.6 லட்சம், அதாவது 775 ரூபாய். பிராக்கெட் 2,700 மணிக்கு 17.2 லட்சம், 637 ரூபாய். ஆடிட்டர் முதலில் வைத்த ஹவுசிங் கடைசிக்குப் போய்விட்டது. வால்வு பாடியும் பிராக்கெட்டும் சேர்ந்தால் 1,700 மணியில் 35.8 லட்சம். ஹவுசிங் தனியாக 1,800 மணியில் 30.4 லட்சம்.

இத்தோடு நிறுத்திவிட்டால் எனக்கும் வேலை சுலபம். ஆனால் "சைக்கிள் டைம் கணக்கு" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. மெஷின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். கதவு திறக்கிறது, ஆபரேட்டர் ஏர் கன்னால் சுருளை ஊதுகிறார், லொகேட்டரைத் துணியால் துடைக்கிறார், பீஸை வைத்து கிளாம்ப் முறுக்குகிறார், அப்புறம்தான் பச்சைப் பட்டன். ஸ்கிரீனில் சைக்கிள் டைம் 14 நிமிடம் என்று இருக்கும். ஒரு பட்டனிலிருந்து அடுத்த பட்டன் வரை உங்கள் ஃபோனில் பார்த்தால் 17, 18 வரும். அதற்கும் மேலே செட்டிங் இருக்கிறது. பழைய ஃபிக்சரை இறக்கி, புதியதை ஏற்றி, டயல் வைத்து நேர் பார்த்து, டூல் ஆஃப்செட் எடுத்து, முதல் பீஸை இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பிவிட்டு "ஓகே" வரும்வரை மெஷின் நிற்கிறது. அந்த நேரமும் வி.எம்.சி. நேரம்தான். வேறு எதையும் அதில் ஓட்ட முடியாதே.

பீஸ் ஏற்றி இறக்கும் நேரம் உங்கள் மணிக்கணக்கில் ஏற்கனவே சேர்ந்திருக்கிறது என்றே வைத்து, இங்கே செட்டிங்கை மட்டும் பார்ப்போம். பிராக்கெட் 40, 40 பீஸாகத்தான் கேட்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். பம்ப் கம்பெனிகள் பல மாடல் ஓட்டுவதால் இது சகஜம். ஒரு பீஸுக்கு 13.5 நிமிடம் என்றால் உங்கள் 900 மணிக்கு வருடம் 4,000 பீஸ், அதாவது 100 லாட். லாட்டுக்கு இரண்டரை மணி செட்டிங் என்றால் 250 மணி. ஆக பிராக்கெட்டுக்கு 900 இல்லை, 1,150. மூன்று வருடத்துக்கு 3,450 மணி. மணிக்கு 637 ரூபாய் 499 ஆகிவிடுகிறது, ஹவுசிங்குக்குக் கீழே. மற்ற இரண்டும் மாதம் ஒரு செட்டிங் போட்டால் ஓடும் வேலை. அவற்றின் எண் கொஞ்சம் குறையும், வரிசை மாறாது. உங்கள் லாட் அளவு வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபேனக் கன்ட்ரோல் என்றால் ஸ்கிரீனிலேயே ரன் டைம், பீஸ் எண்ணிக்கை இரண்டும் இருக்கும். ஒரு வாரம் ஷிப்ட் முடிவில் குறித்து, ஷிப்டின் எட்டு மணியோடு ஒப்பிட்டால் செட்டிங்கும் ஏற்றி இறக்குவதும் சேர்ந்து எவ்வளவு விழுங்குகிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் ஆடிட்டரிடம் கேளுங்கள். அந்த 16, 9, 8 லட்சத்தைப் போடும்போது "மெஷின் ஹவர் ரேட்" என்று ஒன்றைச் செலவாகக் கழித்தாரா? கழித்திருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஏற்கனவே வாங்கிவிட்ட மெஷினின் தேய்மானம் எந்த ஆர்டரை எடுத்தாலும் ஒன்றுதான். மெஷின் நேரத்தின் விலையைக் கண்டுபிடிக்கத்தான் மணியால் வகுக்கிறோம். மேலேயும் கழித்துக் கீழேயும் வகுத்தால் ஒரே நேரத்துக்கு இரண்டு தரம் காசு கேட்பதாகும்.

சரி, இப்போது வரிசை: வால்வு பாடி, ஹவுசிங், பிராக்கெட். முதலாவதை எடுத்தால் 2,000 மணியில் 1,200 மிச்சம். இரண்டாவதான ஹவுசிங்குக்கு 1,800 வேண்டும், நுழையாது. ஆர்டர் பஸ் சீட் மாதிரி, பாதி கொடு என்றால் கொடுக்க மாட்டார்கள். ஃபிக்சர் செலவு 8 லட்சமும் பாதியாகாது. அதனால் மணிக்கணக்கு வரிசை மட்டும் போதாது. மேலிருந்து நிரப்பிக்கொண்டே வந்து, நுழையாத இடத்தில் எந்தக் கூட்டணி மொத்தத்தில் அதிகம் தருகிறது என்று பார்க்க வேண்டும். இங்கே வால்வு பாடி, பிராக்கெட். 1,950 மணியில் 35.8 லட்சம்.

நீங்கள் கேட்ட மூன்றுக்கு இதுதான் விடை. ஆனால் நாலாவது ஒரு வேலை இருக்கிறது. அதை நீங்கள் வேலையாகவே எண்ணவில்லை.

மச்சான் தரும் 400 ரூபாயில் கரண்ட், டூல், கூலன்ட் போக உங்கள் கையில் 250 நிற்கும் என்று வைத்துக்கொள்கிறேன். வருடம் 1.75 லட்சம். 12 சதவீதத்தில் மூன்று வருடத்துக்கு வருடாந்திரத் தொகையை 2.4 ஆல் பெருக்கினால் போதும், அதாவது 4.2 லட்சம். 2,100 மணியால் வகுத்தால் மணிக்கு 200 ரூபாய். பிராக்கெட் தருவதில் பாதிக்கும் கீழே. அந்த 700 மணி திரும்பக் கிடைத்தால் காலி நேரம் 2,700. வால்வு பாடியும் ஹவுசிங்கும் சேர்ந்து 2,600, செட்டிங்கோடு கிட்டத்தட்ட 2,700. மொத்தம் 49 லட்சம். மச்சானிடமிருந்து வராமல் போகும் 4.2 லட்சத்தைக் கழித்தாலும் 44.8 லட்சம். வால்வு பாடி, பிராக்கெட் கூட்டணியைவிட 9 லட்சம் அதிகம். உங்கள் வீட்டுச் சொந்தத்துக்கு நீங்கள் தரும் சலுகையின் விலை இதுதான்; வருடா வருடம் யாரும் பில் போடாததால் தெரியவில்லை.

நிறுத்த முடியாது என்கிறீர்கள். சரி, நிறுத்த வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். அதே ஏரியாவில் வேறு ஒரு ஷாப்பில் அவர் வேலையைப் போடச் சொல்லுங்கள். அங்கே மணிக்கு 550 கேட்டால், 150 ரூபாய் வித்தியாசத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள். 700 மணிக்கு 1.05 லட்சம், மூன்று வருடத்துக்கு இன்றைய மதிப்பில் சுமார் 2.5 லட்சம். அதையும் கொடுத்தபின் ஆறரை லட்சம் உங்களுக்கு மிச்சம். மச்சானுக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை, வீட்டில் பேச்சும் வராது. இதற்கும் அவர் சம்மதிக்கவில்லை என்றால், அவருக்கு வேண்டியது சலுகை விலை இல்லை, "எப்போது கேட்டாலும் முதலில் எனக்கு" என்ற உரிமை. அதன் செலவு இன்னும் அதிகம், ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் லாட்டை இறக்கித்தான் அவசர வேலையை ஏற்றுகிறீர்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு செட்டிங் வீண்.

இப்போது அந்த 45 லட்சம் லோன். கொடிசியா கண்காட்சிக்குப் போய்வந்தாலே எல்லோருக்கும் ஒரு மெஷின் வாங்கத் தோன்றும், நானும் பார்த்திருக்கிறேன். 11 சதவீதம், ஐந்து வருடம் என்றால் மாதம் சுமார் 98,000, வருடம் 11.7 லட்சம் இ.எம்.ஐ. மச்சான் வேலையை வெளியே மாற்றியபின் புது மெஷினால் கூடுதலாக வரப்போவது பிராக்கெட் ஒன்றுதான், வருடம் 8 லட்சம். தவணையைக் கட்டக்கூடப் போதாது. போதாக்குறைக்கு, இருக்கிற மெஷினுக்கே மூன்றாவது ஷிப்ட் செட்டர் கிடைக்காதவர் இரண்டாவதை யாரை வைத்து ஓட்டுவீர்கள்? அப்போது நெருக்கடி மெஷினிலிருந்து ஆளுக்கு மாறும், வகுக்க வேண்டியது செட்டர் மணி ஆகிவிடும்.

ஒருவேளை இரண்டாவது வருடம் எப்படியும் மெஷின் வாங்குவது உறுதி என்றால் மட்டும் கணக்கைத் திருத்துங்கள். அப்போது முதல் வருட மணிதான் அரிது, என்.பி.வி.யை மூன்று வருட மணியால் இல்லாமல் முதல் வருட மணியால் வகுக்க வேண்டும். இந்த மூன்று ஆர்டரும் வருடா வருடம் ஒரே அளவில் ஓடுவதால் வரிசை மாறாது. ஆனால் மெதுவாக ஆரம்பித்துப் பின்னால் கூடும் ஆர்டர் எதாவது வந்தால், அது மேலே ஏறிவிடும்.

வால்வு பாடி, ஹவுசிங் இரண்டும் போட்டால் மெஷினில் மூச்சுவிட இடமில்லை என்பது எனக்குத் தெரிகிறது. ஒரு ஸ்பிண்டில் ரிப்பேர் வந்தால் டெலிவரி தள்ளும். அதற்குப் பிராக்கெட் பார்ட்டியிடம் இப்போதே மறுக்காமல், ஞாயிற்றுக்கிழமை அரைநாள் வர உங்கள் செட்டருக்கு இரட்டைச் சம்பளம் பேசிப் பாருங்கள். அவருக்கு மணிக்கு 300 ரூபாய் கூடுதலாகப் போனாலும், பிராக்கெட்டில் ஒரு மணி நேரம் தரும் வருமானம் சுமார் 700. மாதம் நாலு ஞாயிறு கிடைத்தால் முதலில் ஹவுசிங் தாமதத்துக்கு அது காப்பு. மிஞ்சினால், அந்த நேரத்துக்குள் அடங்கும் பிராக்கெட்டை மட்டும், அதையும் 40-க்குப் பதில் 120 பீஸ் லாட்டாக எடுக்கச் சம்மதிப்பார்களா என்று கேட்டுவிட்டு விலை கொடுங்கள்.