வருடம் பிறந்த பிறகு வரும் பறுவம்

அன்புள்ள ஐயா,
அம்மா போன பிறகு சித்திரா பௌர்ணமி விரதம் பிடிக்கிறேன். 2024இல் ஏப்ரல் 23, 2025இல் மே 12. 2026க்கு என் கைபேசிச் செயலி ஏப்ரல் 2 என்கிறது, ஊரிலிருந்து அக்கா மே 1 என்கிறா. அன்று சித்திரை நட்சத்திரமும் சேர வேண்டாமா? விரதத்துக்குப் பால் சேர்க்கலாமா?
ஒரு வாசகி, ஸ்காபரோ

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா சொல்வதுதான் சரி. பால் விஷயத்தைக் கோயில் ஐயரிடம் கேளுங்கள், எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஏப்ரல் 2 என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை.

என் அம்மா 2022 கடைசியில் போனார். அடுத்த வருடம் லண்டனில், கடையில் கொடுத்த ஒரு நாட்காட்டியைப் பார்த்து ஏப்ரல் 6ஆம் தேதி விரதம் இருந்தேன். மாலையில் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவிடம் பேசினால், "என்னடா, இன்னும் வருசமே பிறக்கேல்லை, அதுக்குள்ள சித்திரைப் பறுவமா?" என்றா. அம்மாவுக்கென்று இருந்த முதல் விரதம், மாதம் மாறிப் போயிற்று. சரியான நாள் மே 5. அன்று மறுபடியும் இருந்தேன், ஆனாலும் அந்தக் குறை போகவில்லை.

அக்கா கேட்ட அந்த ஒரு கேள்வியிலேயே கணக்கு முழுவதும் இருக்கிறது. நம் சித்திரை சூரியனின் மாதம். சூரியன் மேட ராசிக்குள் போகும் ஏப்ரல் 14 வாக்கில் தொடங்கி, இடபத்துக்குப் போகும் மே 14, 15 வாக்கில் முடியும். அதற்குள் நிறையும் பறுவம்தான் சித்திரா பௌர்ணமி. உங்கள் செயலி காட்டுவது வடக்கே உள்ள சைத்திர மாதத்துப் பௌர்ணமி. அது சந்திரனின் மாதம், பெயர் வைப்பதற்கு அதை ஓர் அமாவாசை கழிந்து அடுத்த அமாவாசை வரை எண்ணுவார்கள். அந்த இடைவெளிக்குள் எந்த நாளில் சூரியன் மேடத்துக்குள் போனாலும் அதற்குச் சைத்திரம் என்றுதான் பெயர். பௌர்ணமி அதன் நடுவில் வரும். சூரியன் மேடத்துக்குள் போன பிறகு பௌர்ணமி வந்தால் அவர்களுக்கும் நமக்கும் ஒரே நாள். அதற்கு முன்பே வந்துவிட்டால் நமக்கு அது பங்குனிப் பறுவம், சித்திரைக்கு இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

2025ஐப் பாருங்கள். ஏப்ரல் 13 விடியற்காலை, ஊர் நேரம் ஆறு மணிக்குச் சற்று முன் பறுவம் நிறைந்தது. வருடம் பிறந்தது மறுநாள் அதிகாலை. ஒரு நாள்கூட இல்லாத வித்தியாசத்தில் அது பங்குனிக்குப் போய்விட்டது. அடுத்த பறுவம் இருபத்தொன்பதரை நாள் கழித்து மே 12 இரவு, சூரியன் மேடத்தை விட்டுப் போவதற்கு இரண்டு நாள் முன்பு. அதனால்தான் அந்த வருடம் வெசாக்கும் நம் விரதமும் ஒரே நாளில் வந்தன. 2024இல் ஏப்ரல் 23 என்பதால் வடக்கிலும் அதே நாள், வெசாக் மட்டும் ஒரு மாதம் தள்ளி வந்தது. அப்படி ஒத்துப்போகிற ஒரு வருடத்தைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெயர் ஒரே மாதிரி இருக்கிறது என்பதற்காக அம்மாவின் நாளை இப்படி மாற்றி வைக்கலாமா? இந்த நாட்காட்டிகளை அச்சடித்து நம் கடைகளில் கொடுப்பவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம்தான். செயலியை நம்பி அக்காவைச் சந்தேகித்த உங்கள் மேலும் கொஞ்சம் கோபம்.

நட்சத்திரத்துக்கு வருகிறேன். சூரியன் மேடத்தில் இருந்தால் முழுநிலா எதிரே துலாத்தில் இருக்கும். துலாத்தில் சித்திரையின் பின்பாதி, சுவாதி முழுவதும், விசாகத்தில் முக்கால் பங்கு. சூரியன் நாளுக்கு ஏறக்குறைய ஒரு பாகை நகர்வதால், மாதத்தின் முதல் ஏழு நாளுக்குள் பறுவம் நிறைந்தால்தான் அந்நேரம் சித்திரை நட்சத்திரம் இருக்கும். 2022இல் இருந்தது, 2025இல் விசாகம், 2026 மே 1 சுவாதி. நட்சத்திரமும் சேர்ந்தே ஆகவேண்டும் என்றால் பல வருடங்களில் விரதமே இருக்க முடியாது! செயலி சொல்லும் ஏப்ரல் 2இல் அதுவும் இல்லை, அன்று அஸ்தம்.

சிறு வயதில் இந்த நாளில் அம்மன் கோயிலில் சித்திரைக் கஞ்சி வார்ப்பார்கள். சித்திரபுத்திரனார் கதை படித்து முடியும்வரை அம்மா தன் அம்மாவுக்காகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பார். பிறகு முற்றத்தில் நிலாவைக் காட்டி, பக்கத்தில் வெள்ளையாக மினுங்கும் ஒரு வெள்ளியைத் தேடச் சொல்வார். அதுதான் சித்திரை. சில வருடங்கள் நிலாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும், சில வருடங்கள் வெகுதூரம் தள்ளி மேற்கே நிற்கும். ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

உங்களுக்கு மே 1, வெள்ளிக்கிழமை. உங்கள் ஊரில் பௌர்ணமித் திதி முதல் நாள் மதியத்துக்குச் சற்று முன் தொடங்கி, வெள்ளி மதியம் ஒன்றேகால் தாண்டி முடியும். படையலை அதற்கு முன் முடித்துவிடுங்கள்.