யூபிக்விட்டினும் அழிந்துவிடுமா?

"கிருஷ்ணகிரியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். புரோட்டியசோம் ஒரு புரதத்தை அழிக்கும்போது அதில் ஒட்டிய யூபிக்விட்டினும் சேர்ந்து அழிந்துவிடுமா?"

பெரும்பாலும் அழியாது. யூபிக்விட்டின் என்பது அழிக்க வேண்டிய புரதத்தில் அடையாளமாக ஒட்டப்படும் சிறு புரதம்; புரோட்டியசோம் என்பது அப்படி அடையாளமிட்ட புரதத்தை நறுக்கும் செல்லின் இயந்திரம். உங்கள் ஊர் மாங்கூழ் ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரா பழம் உள்ளே போகிறது. அது வந்த பிளாஸ்டிக் கிரேட்டை யாரும் அரைப்பதில்லை.

பி53 என்ற புரதத்தைப் பார்ப்போம். நலமான செல்லில் அது தேங்காதபடி எம்டிஎம்2 என்ற நொதி பார்த்துக்கொள்கிறது. அதன் செயலால் பி53-இல் உள்ள லைசின் என்ற அமினோ அமிலங்களில் யூபிக்விட்டின் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோக்கப்பட்டுச் சங்கிலியாகிறது. வழக்கமாக நான்கு கண்ணிகளாவது சேர்ந்தால் புரோட்டியசோம் அதை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஏடிபி செலவில் பி53-இன் மடிப்புகள் அவிழ்ந்து, நூல்போல் குறுகிய வாய்க்குள் இழுக்கப்படுகின்றன.

சங்கிலி வாயருகே வந்ததும் புரோட்டியசோமின் ஆர்பிஎன்11 என்ற உறுப்பு அதை அடியோடு வெட்டிவிடுகிறது. வேறு நொதிகள் கண்ணிகளைப் பிரிக்க, அவை அடுத்த வேலைக்குப் போகின்றன. பி53 உள்ளே சிறு பெப்டைடுகளாக நறுக்கப்படுகிறது.

இந்த வெட்டு வெறும் சிக்கனமல்ல. 76 அமினோ அமிலங்களே கொண்டாலும் யூபிக்விட்டின் எளிதில் அவிழாத இறுக்கமான உருண்டை. ஆர்பிஎன்11 செயலிழந்தால் அது வாயில் சிக்கி, பி53-இன் சிதைவே தடைப்படும்.