மெய்யெண் கெழுக்கள் கொண்ட சமன்பாட்டில் 2 + i மூலம் என்றால் 2 − i-யும் ஏன் மூலமாகிறது? படி ஒற்றைப்படை என்றால் ஒரு மெய் மூலமாவது இருந்தே தீரும் என்பது இதிலிருந்து எப்படி வருகிறது?

முதலில் கையால் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம். P(x) = x³ − 5x² + 9x − 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். x = 2 + i என்றால் x² = 3 + 4i, x³ = 2 + 11i. இவற்றைப் போட்டால்:

(2 + 11i) − (15 + 20i) + (18 + 9i) − 5 = 0

மெய்ப் பகுதிகள் தனியாகவும் i உள்ள பகுதிகள் தனியாகவும் பூச்சியமாகின்றன. இப்போது 2 − i-ஐப் போடுங்கள். x² = 3 − 4i, x³ = 2 − 11i. வரி அப்படியே இருக்கிறது, i-க்கு முன்னால் உள்ள குறிகள் மட்டும் திரும்பிவிட்டன. 11 − 20 + 9 பூச்சியம் என்றால் −11 + 20 − 9-உம் பூச்சியம்தானே.

காரணம் இவ்வளவுதான்: i-யின் குறியை எல்லா இடத்திலும் மாற்றிவிட்டு, அப்புறம் கூட்டினாலும் பெருக்கினாலும், முதலில் கணக்கை முடித்துவிட்டுக் கடைசியில் குறியை மாற்றினாலும் விடை ஒன்றே. i² = −1 என்பதைத் தவிர i-யைப் பற்றி நமக்கு வேறெதுவும் தெரியாது; (−i)²-உம் −1 தான். கெழுக்களில் i இல்லாததால் இந்தக் குறிமாற்றம் அவற்றைத் தொடுவதில்லை. ஆகவே 2 − i-இல் P-யின் மதிப்பு, 2 + i-இல் வந்த மதிப்பின் இணை எண்ணாக இருக்கும். பூச்சியத்தின் இணை பூச்சியம்.

கெழுவில் i நுழைந்தால் இது உடனே உடைந்துவிடும். z³ = i என்ற சமன்பாட்டில் −i ஒரு மூலம்; ஆனால் i மூலம் இல்லை, i³ = −i அல்லவா? படி 3 தான், ஆனாலும் மெய் மூலம் ஒன்றுகூடக் கிடையாது.

சரி, இரண்டாவது கேள்வி. "மூலங்கள் ஜோடி ஜோடியாகப் போய்விடும், மொத்தம் ஒற்றைப்படை, அதனால் ஒன்று மிச்சம்" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். நானும் கல்லூரியில் கரும்பலகை முன் நின்று அப்படித்தான் சொன்னேன். ஆசிரியர் கேட்டார்: "2 + i இரண்டு தடவையும் 2 − i ஒரு தடவையும் மூலமாக வந்தால்? மூன்றும் ஆயிற்றே, மெய் மூலம் எங்கே?" பதில் வரவில்லை. நான் நிறுவியிருந்தது 2 − i-யும் மூலம் என்பதை மட்டும்தான், எத்தனை தடவை என்பதை அல்ல.

அந்த ஓட்டையை அடைக்க வகுத்தல் போதும். (x − 2 − i)(x − 2 + i) = x² − 4x + 5. பொதுவாக a ± bi ஜோடிக்கு x² − 2ax + (a² + b²). இதில் i இல்லை. மெய்க் கெழுக்கள் உள்ள ஒன்றை மெய்க் கெழுக்கள் உள்ள இன்னொன்றால் நீள்வகுத்தல் செய்யும்போது i புதிதாக முளைக்க வழியில்லை. எனவே ஈவிலும் மெய்க் கெழுக்கள்தான். 2 + i இன்னும் மிச்சம் இருந்தால் அது அந்த ஈவின் மூலம், ஆக 2 − i-யும் அதன் மூலம். ஒவ்வொரு தடவையும் படி இரண்டாகக் குறைகிறது. ஒற்றைப்படை ஒற்றைப்படையாகவே இறங்கும், பூச்சியத்தைத் தொடவே முடியாது. வழியில் மெய் மூலம் எதுவும் தென்படாவிட்டால் கடைசியில் படி 1-இல் வந்து நிற்கும். மெய்க் கெழுக்கள் உள்ள அந்த ஒருபடிக் காரணிக்கு மூலம் மெய்யெண்தான். நம் P-யில் முதல் வகுத்தலிலேயே x − 1 கிடைத்துவிடுகிறது.

ஆசிரியர் சொன்ன மூன்றையும் பெருக்கிப் பார்த்தால் x²-இன் கெழு −(6 + i) என்று வரும். மூலங்களின் கூட்டுத்தொகையிலேயே குட்டு வெளிப்பட்டுவிடுகிறது.

இந்த வழியில் கலப்பெண் மூலங்கள் இருந்தே ஆக வேண்டும் என்ற இயற்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் உள்ளே ஒளிந்திருக்கிறது. மெய் மூலம் ஒன்று உண்டு என்று காட்ட மட்டும் அவ்வளவு பெரிய ஆயுதம் தேவையில்லை. P(10) = 585, P(−10) = −1595. |x| பெரிதாக இருக்கும்போது x³ மற்ற உறுப்புகளை அமுக்கிவிடுகிறது. ஒற்றைப்படை அடுக்கு என்பதால் இரு முனைகளிலும் எதிரெதிர் குறி. வளைவரை இடையில் அறுபடாமல் போவதால் x அச்சை எங்காவது வெட்டியாக வேண்டும். இடைநிலை மதிப்புத் தேற்றம் சொல்வது இதைத்தான். x⁴ + 1 போன்ற இரட்டைப்படைப் படியில் இரண்டு முனைகளும் ஒரே பக்கம் ஏறிவிடுவதால் அந்தக் கட்டாயம் இல்லை.

கிடைக்கும் மூலம் விகிதமுறு எண்ணாக இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். x³ − 2 என்ற கோவை 1-இல் −1, 2-இல் 6. இடையில் அச்சை வெட்டும் இடம் 2-இன் கனமூலம், அது பின்னமாக எழுத முடியாத எண். விகிதமுறு எண்கள் மட்டும் உள்ள கோட்டில் அந்த இடம் ஓட்டை, வளைவரை அதன் வழியே நழுவிப் போய்விடும்.