பீடிய விட்டதுக்கப்புறம் இருமல் ஏன் கூடுது?

கேள்வி: டாக்டர், எங்கப்பாவுக்கு 56 வயசு, மேலூர் பக்கம். 18 வயசுல இருந்து தினம் ஒரு கட்டு பீடி. சித்திரைத் திருவிழா முடிஞ்ச கையோட விட்டுட்டாரு, இன்னையோட 25 நாள். ஆனா விட்டப்புறம்தான் இருமல் ஜாஸ்தி, காலைல கெட்டிச் சளியா வருது. டக்குனு விட்டதுதான் தப்பு, நாளைக்கு ரெண்டாவது குடிச்சாத்தான் சளி அறுபடும்னு டீக்கடைல சொல்றாங்க. இன்னொருத்தர் நுரையீரலைக் கழுவுற பொடி, 21 நாள் கோர்ஸ்னு 3,800 ரூபா கேக்குறாரு. வாங்கலாமா? உள்ள என்ன நடக்குதுன்னு பத்தாவது படிக்கிற என் தம்பிக்கும் புரியிற மாதிரி சொல்லுங்க.

பதில்: பொடி வாங்காதீங்க தம்பி. பீடியையும் திரும்பக் குடுத்துறாதீங்க, ரெண்டு இல்ல, அரை பீடி கூட வேணாம். ஆனா இந்த வாரத்துக்குள்ள அப்பாவோட சளிய ஒரு டெஸ்டுக்குக் குடுக்கணும், அது ஏன்னு கடைசில சொல்றேன், அத மட்டும் விட்டுறாதீங்க.

நம்ம மூச்சுக்குழாய் உள்பக்கம் பூரா கண்ணுக்குத் தெரியாத முடி மாதிரி இழைங்க இருக்கு. பாடப்புத்தகத்துல குறு இழைன்னு போட்டிருப்பாங்க, நாங்க சிலியான்னு சொல்லுவோம். ஒரு செல்லு மேல மட்டும் கிட்டத்தட்ட 200 இழை. அதுக்கு மேல மெல்லிசா சளி ஒரு ஈரப் பாய் மாதிரி விரிஞ்சு கிடக்கும், நம்ம இழுக்குற தூசி, புகை, கிருமி எல்லாம் அதுல ஒட்டிக்கும். இழைங்க செகண்டுக்கு பத்து தடவைக்கு மேல ஆடும், ஆனா எல்லாம் ஒண்ணா ஆடாது, கதிர் வந்த வயல்ல காத்து அடிச்சா ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரத்துக்கு அலை ஓடுமே, அந்த மாதிரி வரிசையா ஆடி, பாயைப் பைய தொண்டைக்குத் தள்ளிக்கிட்டே இருக்கும். நம்ம அத தெரியாமலே முழுங்கிடுவோம். இது ராத்திரி பகல் நிக்காம நடக்குற வேலை.

புகை பட்டா அந்த இழைங்க முதல்ல மந்தமாகும், பெறகு நின்னே போயிடும். வருஷக்கணக்கா பட்டா இழை குட்டையாகும், சில இடத்துல இழை உள்ள செல்லே போயி அங்க தோல் மாதிரி தடிச்ச செல்லு முளைக்கும், அந்த இடத்துல தள்ளுறதுக்கு ஆளே கிடையாது. அதே நேரத்துல சளி சுரக்குற செல்லும் சுரப்பியும் பெருத்துப் போகும். தள்ளுறவன் குறைஞ்சுட்டான், சரக்கு கூடிருச்சு. அப்ப மிச்சம் இருக்குற ஒரே வழி இருமல்தான். பீடி குடிக்கிறவங்க காலைல எழுந்ததும் கொள் கொள்ளுன்னு இருமுறது இதனாலதான், ராத்திரி தூங்குற ஏழெட்டு மணி நேரம் புகை இல்லாததால அரைகுறையா முழிச்ச இழைங்க கொஞ்சம் தள்ளி மேல கொண்டு வந்து வச்சிருக்கும். அப்ப ஒரு பீடி பத்த வச்சா புகை உறுத்தி இன்னும் ரெண்டு இருமல் வரும், சளி வெளிய விழும். 'பீடி குடிச்சாத்தான் சளி அறுபடுது'ன்னு சொல்றது இதத்தான். ஆனா அந்தப் பீடி புதுசாவும் சளிய சுரக்க வைக்கும், போதாததுக்கு இழைகளை மறுபடி படுக்க வச்சுரும்.

அப்பா விட்டு 25 நாள் ஆச்சுன்னா அந்த இழைங்க இப்பத்தான் எந்திரிக்குதுன்னு அர்த்தம். 38 வருஷமா கிடந்த சரக்கு நகர ஆரம்பிச்சிருக்கு. விட்ட எல்லாருக்கும் இருமல் அதிகமாகாது, சிலருக்குத்தான் அதிகமாகும், அதுவும் சில வாரத்துல இருந்து சில மாசத்துக்குள்ள படிப்படியா குறையும். வரட்டு இருமலுக்குக் குடுக்குற அடக்குற சிரப்ப மெடிக்கல்ல நீங்களா வாங்கி ஊத்தாதீங்க, வெளிய வர்றத உள்ளயே கட்டிப் போடுற வேலை அது.

இப்ப அந்தப் பொடிக்காரரைப் பத்தி. அவரு ஏன் 21 நாள்னு சொல்றாரு? விட்டவங்களுக்குத் தானா சளி குறையிற காலம் ஏறக்குறைய அப்பத்தான் ஆரம்பிக்குது. உடம்பு தானா செஞ்ச வேலைக்கு அவரு காசு வாங்கிட்டுப் போயிடுவாரு. வாய் வழியா முழுங்குற எதுவும் இரைப்பைக்குத்தான் போகும், மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கி அங்க படிஞ்ச புகைக் கரியைக் கழுவாது, அப்படி இறங்குனா புரையேறி ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு ஓடணும். அதை விட எனக்குப் பயம், இந்த மாதிரி பேர் தெரியாத பொடியில சிலதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும். நாலு நாள்ல நல்லாப் பசிக்கும், மூச்சு லேசாகும், ஆகா வேலை செய்யுதுன்னு அடுத்த டப்பாவும் வாங்குவீங்க, அங்கிட்டு சுகர் ஏறி, எலும்பு வலுவிழந்து நிக்கும். வீட்டு வாசல்ல வந்து விக்கிறவருகிட்ட எதுவுமே வாங்காதீங்க.

இழை திரும்ப வரும்னு சொன்னேன். ஆனா உள்ள போகப் போக கதை வேற. மேலூர்க்காரங்களுக்குப் பெரியாறு கால்வாய் தெரியும்ல. பேரணைல இருந்து பெரிய கால்வாயா வந்து, கிளைக் கால்வாயாப் பிரிஞ்சு, மடை வழியா இறங்கி, கடைசில வயல் வாய்க்கால்ல தண்ணி ஓடும். மூச்சுக்குழாயும் அப்படித்தான், ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சு ஏறக்குறைய 23 தடவை கிளை விடும். பீடிப் புகை மொதல்ல நாசம் பண்றது ரெண்டு மில்லிமீட்டருக்கும் சின்னதா இருக்குற கடைசிக் கிளைகளை, அதாவது வயல் வாய்க்காலை. அங்க சுவர் வீங்கும், தழும்பு கட்டி இறுகும், சளி அடைக்கும். ஆனா அந்த மாதிரி வாய்க்கால் ஆயிரக்கணக்குல இருக்குறதால நிறைய அடைஞ்ச பெறகுதான் ஆளுக்கு மூச்சு வாங்கும். கால்வாய் மேட்டுல நின்னு பாத்துட்டு தண்ணி நல்லாத்தான் வருதுன்னு சொல்ற மாதிரிதான் நெஞ்சு எக்ஸ்ரே, அதுல இந்த வாய்க்கால் தெரியாது.

போன வருஷம் என்கிட்ட வந்த ஒரு லோடுமேன் அண்ணே, 61 வயசு, கையில மூணு எக்ஸ்ரே, மூணுலயும் நார்மல்னு ரிப்போர்ட். ஒரு புரோக்கர் அவரைக் கூட்டிட்டுப் போயி முழு உடம்பு ஸ்கேன் பேக்கேஜும் எடுக்க வச்சிருக்கான், அந்தக் காசு அவருக்கு ஒரு மாசச் சம்பளம். ஸ்பைரோமெட்ரின்னு ஊதுற டெஸ்ட் மட்டும் யாரும் எழுதல. அவரு நாற்காலில முன்னாடி சாஞ்சு, ரெண்டு கையையும் தொடைல ஊனி, விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவிச்சு மூச்சு விட்டுட்டு இருந்தாரு, அதப் பாத்தே எனக்குப் பாதி புரிஞ்சு போச்சு. மருந்து உறிஞ்ச வச்சப்புறம் ஊதச் சொன்னா மொத்தமா 2.8 லிட்டர் வெளிய வந்துச்சு, ஆனா முதல் செகண்டுல வந்தது 1.4 லிட்டர்தான். அதாவது பாதி. நூத்துக்கு எழுபதுக்குக் கீழ போனாலே குழாய் அடைப்பு இருக்குன்னு எடுத்துக்குவோம். இருபது நிமிஷ வேலை தம்பி, ஆனா எத்தனையோ இடத்துல அந்த மெஷினை வாங்கி அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டு, ஊத வைக்கத் தெரிஞ்ச டெக்னீஷியன் இல்லன்னு சொல்றாங்க, அதக் கேக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அவரு ஏன் உதட்டைக் குவிச்சாருன்னா, அதுக்குக் கடைசி வீட்டைப் பாக்கணும். வாய்க்கால் முடியிற இடத்துல திராட்சைக் கொத்து மாதிரி காத்துப் பைங்க, முப்பது கோடிக்கு மேல. சுவர் அவ்ளோ மெல்லிசு, ஆக்சிஜன் அந்தச் சுவர் வழியாத்தான் ரத்தத்துக்குப் போகும். அதுக்குள்ள ரப்பர் மாதிரி நார் ஓடும். புகை உறுத்தினா வெள்ளை அணுக்கள் அங்க கூடி ஒரு அரிக்கிற பொருளை விடும், அது அந்த நாரையே தின்னுடும். அதத் தடுக்குறதுக்கு உடம்புல ஒரு காவல்காரப் புரதம் இருக்கு, புகை அதையும் செயலிழக்க வச்சுரும். சுவர் உடைஞ்சு பத்துப் பை சேந்து ஒரு பெரிய பை ஆகும்.

பெருசானா நல்லதுதானன்னு உங்க தம்பி கேப்பான். அவனை ஒரு கணக்குப் போடச் சொல்லுங்க. பத்து சென்டிமீட்டர் பெட்டிக்குள்ள ஒரு சென்டிமீட்டர் பெட்டி ஆயிரம் அடுக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் ஆறு பக்கம், ஆக மொத்தம் 6,000 சதுர சென்டிமீட்டர் சுவர். உள்சுவரை எல்லாம் இடிச்சுட்டா மிச்சம் பெரிய பெட்டியோட 600 மட்டும்தான். காத்து அதே அளவுதான், ஆக்சிஜன் போற வழி பத்துல ஒண்ணு.

இன்னொண்ணு, அந்தச் சுவர்கள்தான் பந்தல் கயிறு மாதிரி சின்னக் குழாயை நாலு பக்கமும் இழுத்துத் திறந்து வச்சிருக்கு. கயிறு அறுந்தா மூச்சு விடும்போது குழாய் அமுங்கிடும், காத்து உள்ளயே மாட்டிக்கும். உதட்டைக் குவிச்சா உள்ள அழுத்தம் இருந்து குழாய் அமுங்காம நிக்கும், அந்த அண்ணே யாரும் சொல்லிக் குடுக்காமலே அத கண்டுபிடிச்சிருக்காரு. உடைஞ்ச பை திரும்ப முளைக்காது. பீடிய விட்டா கிடைக்கிறது, இனிமே உடையிற வேகம் குறையிறது. சாதாரண ஆளுக்கே வயசு ஏற ஏற அந்த முதல் செகண்டு காத்து வருஷத்துக்கு 30 மில்லி போல குறையும், பாதிப்புக்கு ஆளான பீடிக்காரருக்கு 60 மில்லி கூட போகும். அந்த அண்ணேக்குக் கணக்குப் போட்டா, விட்டாருன்னா பத்து வருஷத்துல 1.1 லிட்டர் கையில இருக்கும், விடலைன்னா 0.8. அந்த 300 மில்லிதான் அவரு தானா எந்திரிச்சு பாத்ரூம் போறதுக்கும் ஒருத்தரைக் கூப்பிடுறதுக்கும் நடுவுல உள்ள தூரம்.

இப்ப சளி டெஸ்டுக்கு வரேன். மேல சொன்னதெல்லாம் கேட்டுட்டு 'அப்ப சரி, இழை முழிச்சதுதான்'னு நீங்க சும்மா இருந்துறக் கூடாது. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா டிபி இருக்கான்னு பாத்தே ஆகணும், பீடி குடிச்சவங்களுக்கு டிபி வர்ற வாய்ப்பும் அதிகம். பீடிய விட்டதால இருமல்னு மூணு மாசம் சிரப் சிரப்பாக் குடிச்சுட்டு, அதுக்கப்புறம் டிபி முத்திப்போயி என்கிட்ட வந்தவங்க இருக்காங்க, வீட்டுல இருந்த சின்னப் பிள்ளைக்கும் தொத்தியிருந்துச்சு. ஒரு டப்பால சளி எடுக்குற வேலைய ஒருத்தர் செஞ்சிருந்தா அது நடந்திருக்காது. உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமா எடுப்பாங்க. டப்பா இல்ல, நாளைக்கு வாங்கன்னு சொன்னா நாளைக்கும் போங்க, சலிச்சுக்கிட்டு விட்டுறாதீங்க. காலைல எழுந்ததும் வாயைக் கொப்பளிச்சுட்டு, ரெண்டு மூணு தடவை ஆழமா மூச்சு இழுத்து நெஞ்சுல இருந்து இருமித் துப்பணும், எச்சில் குடுத்தா டெஸ்டே வீண். சளில ரத்தம் கோடு மாதிரி தெரிஞ்சாலோ, சாயங்காலம் காய்ச்சல் அடிச்சாலோ, எடை இறங்குனாலோ, மூணு வாரமா குரல் கம்மியிருந்தாலோ டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம அன்னைக்கே டாக்டரைப் பாத்துருங்க, அது புற்றுநோயாவும் இருக்கலாம்.

சளி ரிசல்ட் டிபி இல்லன்னு வந்தப்புறம் ஸ்பைரோமெட்ரி எடுங்க, தோப்பூர் நெஞ்சக ஆஸ்பத்திரியிலயோ ராஜாஜி ஆஸ்பத்திரி நெஞ்சகப் பிரிவுலயோ கேளுங்க, கேக்கும்போதே 'ஊதுற டெஸ்ட்'னு சொல்லிக் கேளுங்க. வயிறு முட்டச் சாப்பிட்டுப் போக வேணாம். உறிஞ்சுற மருந்து ஏதாவது எடுக்குறாருன்னா அத முன்னாடியே சொல்லிருங்க. ஊதும்போது காத்து தீந்த மாதிரி இருந்தாலும் டெக்னீஷியன் 'இன்னும், இன்னும்'னு சத்தம் போடுவாரு, குறைஞ்சது ஆறு செகண்டாவது விடாம ஊதணும்னு அப்பாகிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க.