பெட்டிக்குள் துகள்: இடது கால்பங்கில் இருக்க வாய்ப்பு எவ்வளவு?

என்யுஎஸ் முதலாண்டு மாணவர்: அக்கா, டுட்டோரியல்ல ψ = A x(L−x), 0 முதல் L வரை. ∫ψ dx = 1-னு போட்டு A = 6/L³ எடுத்தேன். சரிதானே?

இல்லை தம்பி. 1 ஆக வேண்டியது |ψ|²-இன் தொகை. முதலில் வர்க்கம், பிறகுதான் தொகையீடு.

x²(L−x)² = L²x² − 2Lx³ + x⁴

இதை 0 முதல் L வரை தொகையிட்டால் L⁵(1/3 − 1/2 + 1/5) = L⁵/30. ஆக A = √(30/L⁵). உங்கள் விடை தப்பு என்பதை அலகே காட்டிக்கொடுக்கும். |ψ|²-ஐ நீளத்தால் பெருக்கினால் வெறும் எண் வரவேண்டும். அதற்கு A-யில் L-இன் அடுக்கு −5/2 ஆக இருக்கவேண்டும், −3 அல்ல.

இடது கால்பங்குக்கு மேல் எல்லையை மட்டும் L/4 ஆக்குங்கள்: 30(1/192 − 1/512 + 1/5120) = 53/512, அதாவது 0.1035. L முழுக்க அடிபட்டுப் போகும். விடையில் L மிஞ்சினால் எங்கோ ஒரு அடுக்கை விட்டுவிட்டீர்கள். சுவரோரம் ψ தாழ்ந்திருப்பதால் 0.25-ஐவிடக் குறைவாக வருவதும் நியாயமே.

டியூஷன் ஆசிரியர்: அது அடிநிலைதானேம்மா? சைன் போட்டாலும் இதே விடைதான் வரும்.

கிட்டத்தட்ட அடிநிலைதான் சார். ஆற்றலை அளந்தால் அடிநிலை கிடைக்கும் நிகழ்தகவு 960/π⁶, அதாவது 0.9986. ஆனால் √(2/L) sin(πx/L) போட்டால் இடது கால்பங்கில் 1/4 − 1/(2π) = 0.0908தான். அந்தச் சொச்சமே இவ்வளவு வித்தியாசம் காட்டுகிறது. இன்னொன்று: சைனுக்கு இந்த எண் காலத்தோடு மாறாது. தம்பியின் 0.1035 தொடக்கக் கணத்துக்கு மட்டுமே. பிறகு ஏறி இறங்கும்.

ஜேசி மாணவி: அந்த சைன் கணக்குல எனக்கு 0.2456 வருதே அக்கா?

கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதும்மா. sin(π/2) 1 ஆகாமல் 0.0274 ஆகிவிட்டது. ரேடியனுக்கு மாற்றுங்கள்.

பாலிடெக்னிக் மாணவர்: என் கணக்குல L = 1 நானோமீட்டர். சைன் போட்டு நடுவுல |ψ|² = 2 வருது. நிகழ்தகவு 1-ஐத் தாண்டுமா?

அது நிகழ்தகவு இல்லை, அடர்த்தி: ஒரு நானோமீட்டருக்கு 2. அகலத்தால் பெருக்கினால்தான் நிகழ்தகவு. நடுவில் 0.01 நானோமீட்டர் துண்டுக்கு 0.02. அகலமே இல்லாத புள்ளிக்கு சுழியம்.

மறுபடி ஜேசி மாணவி: n = 2-ல நடுவுல ψ சுழியம். அப்போ துகள் இந்தப் பாதியில இருந்து அந்தப் பாதிக்கு எப்படித் தாண்டுது?

n = 2-க்கு இடது கால்பங்கில் சரியாக 0.25, இடது பாதியில் 0.5. இதுவரை கணக்கு சொல்லும். "தாண்டுவது" என்றால் அதற்கு ஒரு பாதை இருக்கவேண்டும். அப்படி ஒன்று உண்டா என்பதிலேயே இயற்பியலாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.