20-ஆம் தேதியா, 25-ஆம் தேதியா?

கேள்வி: சேலம் இரும்பாலை ரோட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன் சார். நாலு ஆள், வருஷத்துக்கு 80 லட்சம் விற்பனை. ஒரு ஆடிட்டர் ஆபீஸ் இன்ஸ்டாவில் போட்ட மாதக் காலண்டர் ஸ்லைடுகளில் 7, 11, 15, 20 என்று இருக்கிறது. எங்கள் கணக்குப்பிள்ளையோ 25-ஆம் தேதி பணம் கட்டினால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: ரெண்டு பேரும் சரிதான், ஆனால் அந்த ஸ்லைடு உங்களுக்காகப் போட்டது இல்லை. 11, 20 இரண்டும் மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுபவர்களுக்கு. நீங்கள் காலாண்டு முறையில் இருப்பது போலத் தெரிகிறது. gst.gov.in-ல் Services > Returns > Opt-in for Quarterly Return போய்ப் பார்த்தால் உறுதியாகிவிடும். நாலே ஆள் என்பதால் 15-ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ உங்களுக்கு வராது. 7-ஆம் தேதி டிடிஎஸ்ஸும் அப்படித்தான்: உங்கள் சொந்தப் பெயரில் நடக்கும் தொழில், போன வருஷ விற்பனை ஒரு கோடியைத் தாண்டவில்லை, எனவே வாடகை மாதம் 50,000-க்குள் இருக்கும்வரை அதற்கும் ஜாப் ஒர்க்குக்கும் பிடிக்க வேண்டியதில்லை.

இப்போது 25-க்கு வருவோம். ஜனவரி–மார்ச் காலாண்டுக்கு நீங்கள் ரொக்கமாகக் கட்டிய வரி 60,000 என்று வையுங்கள். அதில் 35 சதவீதம், அதாவது 21,000 ரூபாயை ஏப்ரலுக்காக மே 25-க்குள்ளும், மே மாதத்துக்காக ஜூன் 25-க்குள்ளும் PMT-06 சலானில் கட்ட வேண்டும். ஜூன் முடிந்து கணக்குப் பார்த்தால் மொத்த வரி 75,000 வருகிறதா, மீதி 33,000-ஐ ஜூலை 22-க்குள் GSTR-3B-யோடு கட்டினால் போதும், இடையில் குறைவாகக் கட்டியதற்கு வட்டி கிடையாது. ஆனால் ஏப்ரல் சலானை மறந்து ஜூலை 22-இல் சேர்த்துக் கட்டினால், 18 சதவீத வட்டியில் 58 நாளுக்குச் சுமார் 600 ரூபாய் போகும்.

அதைவிடப் பெரிய அடி விழுவது 13-ஆம் தேதியில், கணக்குப்பிள்ளை உங்களிடம் சொல்லாமல் விட்டதும் அதுதான். ஏப்ரலில் ஒரு கம்பெனிக்கு ஒரு லட்சத்துக்கு வேலை செய்து, 18,000 ஜிஎஸ்டி போட்டு பில் கொடுக்கிறீர்கள். அந்த பில்லை மே 13-க்குள் IFF என்ற மாதாந்திர பில் பதிவு வசதியில் ஏற்றினால், மறுநாள் அவர்கள் கழித்துக்கொள்ளக்கூடிய வரியைக் காட்டும் GSTR-2B பட்டியலில் வந்துவிடும், மே 20 ரிட்டர்னிலேயே அந்த 18,000-ஐத் தங்கள் வரியில் கழித்துக்கொள்வார்கள். ஏற்றாமல் விட்டால் ஜூலை 13-க்குள் போடும் காலாண்டு GSTR-1-இல்தான் அது ஏறும், அவர்களுக்கு ஜூலை 14-இல்தான் தெரியும். IFF கட்டாயம் இல்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் "உங்க பில் 2பி-ல வரலை" என்று பர்ச்சேஸிலிருந்து போன் வரும், அந்த 18,000-ஐ நிறுத்தி வைத்துவிட்டு மீதியை மட்டும் அனுப்புவார்கள். இதற்கு அபராதம் என்று எதுவும் வராது, அதனால் கணக்குப்பிள்ளை கவனிக்கமாட்டார், உங்கள் கைப்பணம்தான் ரெண்டு மாதம் முடங்கும்.

வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் இப்படி வரியைக் கழித்துக்கொள்ளும் கம்பெனிகள் என்றால், மாத முறைக்கே மாறிவிடுங்கள். ஜூலை காலாண்டிலிருந்து மாற மே 1 முதல் ஜூலை 31 வரை அவகாசம் உண்டு. அப்போது அந்த ஸ்லைடில் உள்ள 11, 20 உங்களுடைய தேதிகள்.