பீக் லிமோனீன் என்கிறது, மூக்கு வேறு சொல்கிறது

கேள்வி: ஒரு வாசனைக் கலவையை, பொருள்களைப் பிரித்து அவற்றின் நிறையைப் பார்க்கும் ஜிசி-எம்எஸ் கருவியில் ஓட்டினோம். 10.53 நிமிடத்தில் வரும் பெரிய பீக்கை நிறமாலை லைப்ரரி லிமோனீன் என்கிறது, பொருத்தம் 94. ஆனால் முகரும் துளையில் அந்த நேரத்தில் தைலம் மாதிரி குளிர்ந்த வாசனைதான் வருகிறது. 19 நிமிடத்தை ஒட்டி மண் வாசனை ஒன்றும் அடிக்கிறது, அங்கே பீக்கே இல்லை. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்புங்கள். உங்கள் மூக்கும் பொய் சொல்லவில்லை, கருவியும் சொல்லவில்லை. லைப்ரரி தந்த பெயரை முடிவான அடையாளமாக எடுத்துக்கொண்டதுதான் சிக்கல்.

முதலில் 10.53. நீங்கள் பயன்படுத்தியது டிபி-5 வகைக் கேப்பிலரி குழாய் என்று எடுத்துக்கொள்கிறேன். அதன் உள்பூச்சு முனைவுத்தன்மை குறைந்தது. பெரும்பாலும் கொதிநிலை வரிசையில்தான் பொருள்களை வெளியே அனுப்பும். லிமோனீன் சுமார் 176 டிகிரியில் கொதிக்கும். யூகலிப்டஸ் எண்ணெயின் முக்கியப் பொருளான 1,8-சினியோலும் ஏறக்குறைய அதே வெப்பநிலையில்தான் கொதிக்கும். அதனால் இந்தக் குழாயில் இரண்டும் ஒட்டிக்கொண்டே வரும். நீங்கள் உணர்ந்த குளிர்ச்சி சினியோலின் வாசனையோடு நன்றாகப் பொருந்துகிறது.

ஆனால் நிமிடக் கணக்கை வைத்து யாரோடும் ஒப்பிட முடியாது. குழாயின் நீளம், வாயுவின் ஓட்டம், சூடேற்றும் வேகம் எது மாறினாலும் நேரம் மாறிவிடும். அதனால் அதே வெப்பநிலை நிரலில் நேர் ஆல்கேன் கலவை ஒன்றை ஓட்டி, நேரத்தை, எந்த இரண்டு ஆல்கேன்களுக்கு நடுவே எங்கே வருகிறது என்று காட்டும் தங்கல் குறியீடாக மாற்ற வேண்டும். கோவாட்ஸ் 1958-இல் தந்த முறை மாறாத வெப்பநிலைக்கானது. சீராகச் சூடேற்றும் ஓட்டத்துக்கு வான் டென் டூல், கிராட்ஸ் இருவரும் 1963-இல் தந்த நேர்கோட்டுச் சூத்திரம்தான் வேண்டும். பத்து கார்பன் ஆல்கேன் 9.80-இலும் பதினொன்று 12.20-இலும் வந்தால்:

```
RI = 100 × [10 + (10.53 − 9.80) / (12.20 − 9.80)]
   = 1030
```

டிபி-5 வகைக் குழாயில் லிமோனீன் 1030-ஐ ஒட்டி, சினியோல் 1032-ஐ ஒட்டி வரும். பீட்டா-ஃபெலாண்ட்ரீனும் அதே இடத்தில்தான் வரும். உங்கள் ஓட்டத்தில் நூறு குறியீட்டுக்கு 2.40 நிமிடம் ஆகிறது. அப்படியென்றால் இரண்டு குறியீட்டு இடைவெளி மூன்று நொடிக்கும் குறைவு. பீக்கின் அடி அகலமே அதைவிடப் பெரிதாக இருக்கும். ஒன்றுக்குள் ஒன்று புதைந்து, பார்வைக்கு ஒரே பீக்காகத் தெரிவதில் வியப்பில்லை.

அப்புறம் 94 எப்படி வந்தது? லிமோனீன் மூன்று பங்கு, சினியோல் ஒரு பங்கு என்றால் கலந்த நிறமாலையில் லிமோனீனின் அயனிகளே ஓங்கி நிற்கும். லைப்ரரி தேடல் ஒரு நேரத்தில் ஒரு பொருளோடுதான் ஒப்பிடுகிறது. சினியோலின் அயனிகள் அதற்குச் சற்று இரைச்சல் மாதிரி தெரியும், மதிப்பெண் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது, நான் முதலில் செய்வதும் இதைத்தான். லிமோனீனின் மூலக்கூறு நிறை 136. ஐசோடோப்பால் 137-இல் சிறிது தெரியலாம், அதற்கு மேல் எதுவும் அதிலிருந்து வர முடியாது. சினியோலின் நிறை 154, ஒரு மெத்தில் தொகுதியை இழந்தால் 139. ஆகவே 68, 154 ஆகிய இரண்டு அயனிகளின் வரைகோடுகளை மட்டும் தனியே பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். 68 லிமோனீனைப் பின்தொடரும், 154 சினியோலை. 68-இன் உச்சி 10.52-இலும் 154-இன் உச்சி 10.57-இலும் நின்றால் உள்ளே இரண்டு பொருள்கள் இருக்கின்றன. உச்சிகள் ஒன்றாகி, பீக்கின் முன்பக்கமும் பின்பக்கமும் அயனி விகிதம் மாறாமல் இருந்தால் ஒரே பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு பொருள்கள் இருப்பது உறுதியானால், அறிக்கையில் லிமோனீனுக்கு எழுதிய பரப்பு சதவீதத்தையும் திருத்த வேண்டும், அதில் சினியோலின் பங்கும் சேர்ந்திருக்கிறது.

அடுத்தது வேக்ஸ் வகை, அதாவது பாலிஎத்திலீன் கிளைக்கால் பூசிய முனைவுக் குழாய். சினியோலில் ஈதர் ஆக்சிஜன் இருப்பதால் அது இங்கே கொஞ்சம் அதிகம் தங்கும். லிமோனீன் 1200-ஐ ஒட்டி வர, சினியோல் 1210-ஐ ஒட்டி வரும். பிரிந்துவிட்டது என்று அங்கேயே நிறுத்திவிட வேண்டாம், வேக்ஸில் பீட்டா-ஃபெலாண்ட்ரீன் சினியோலோடு போய் ஒட்டிக்கொள்ளும். அதன் நிறையும் 136 என்பதால் 154 அயனி அங்கேயும் கைகொடுக்கும். குழாய் விட்ட இடத்தை நிறமாலையும், நிறமாலை விட்ட இடத்தைக் குழாயும் பார்த்துக்கொள்கின்றன.

சரி, மண் வாசனைக்கு வருவோம். பீக்கின் உயரம் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது, எவ்வளவு வாசனை என்பதை அல்ல. மழைக்குப் பின் எழும் மண் வாசனையில் முக்கியமானது ஜியோஸ்மின். தண்ணீரில் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு கண்டுகொள்ளும். முழு ஸ்கேனில் அவ்வளவு சிறிய அளவு அடிக்கோட்டின் இரைச்சலில் மறைந்துபோகும். டிபி-5 வகையில் ஜியோஸ்மின் 1400-ஐ ஒட்டி வரும். உங்கள் 19 நிமிடம் ஆல்கேன் ஓட்டத்தில் அந்த இடத்தில் விழுகிறதா பாருங்கள்.

இங்கே ஒரு பிழை எளிதில் நுழையும். எம்எஸ் முனையில் வெற்றிடம், முகரும் துளையில் வெளிக்காற்றின் அழுத்தம். குழாயின் முடிவில் இவ்விரண்டுக்கும் பிரியும் கிளைகளின் நீளமும் விட்டமும் சரியாகக் கணக்கிடப்படாவிட்டால் வாசனை பல நொடி தாமதித்து மூக்கை எட்டும். மூக்கு சொன்ன நேரத்தை அப்படியே வரைபடத்தில் வைத்தால் பக்கத்து பீக்கின் மீது பழி விழும். ஆல்கேன்களில் முகர்ந்து குறிக்கும் அளவுக்கு வாசனை இருக்காது என்பதால் தாமதத்தை அவற்றால் அளக்க முடியாது. சினியோல், லினலூல் போல வாசனை தெளிவாகத் தெரிந்த இரண்டு மூன்று பொருள்களை ஓட்டி, வாசனை தொடங்கும் கணத்தில் பொத்தானை அழுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். முகருபவரை அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்க வேண்டாம், மூக்கு களைத்துவிடும். இரண்டு பேர் தனித்தனியே ஒரே இடத்தில் குறித்தால்தான் அதைக் கணக்கில் எடுப்பேன்.

இடம் உறுதியானதும் பொருளைச் செறிவாக்குங்கள். மாதிரியில் எத்தனால் இருந்தால் தண்ணீரில் நன்றாக நீர்த்து, உப்புச் சேர்த்து, மூடிய குப்பியில் மிதமாகச் சூடாக்கி, மேலே நிற்கும் ஆவியில், வாசனைப் பொருள்களைப் பிடித்துக்கொள்ளும் எஸ்பிஎம்இ ஃபைபரை வையுங்கள். நீர்க்காமல் வைத்தால் எத்தனால் ஆவியிலும் ஃபைபரிலும் இடம் பிடித்து, தேடுகிற பொருளுக்கு வழிவிடாது. பிறகு முழு ஸ்கேனை விட்டுவிட்டு 112, 125, 182 ஆகிய அயனிகளை மட்டும் பார்க்கும்படி எம்எஸ்ஸை அமையுங்கள். ஜியோஸ்மினில் 112 ஓங்கி இருக்கும், 182 மூலக்கூறு நிறை. 112 மட்டும் எழுந்தால் போதாது, அந்த அயனி வேறு பொருள்களிலிருந்தும் வரலாம். மூன்றும் ஒரே நொடியில், தூய ஜியோஸ்மின் காட்டும் அதே விகிதத்தில் எழ வேண்டும்.

கடைசியாகத் தூய ஜியோஸ்மினை மாதிரியில் மிகச் சிறிதளவு சேர்த்து இரண்டு குழாய்களிலும் மறுபடி ஓட்டுங்கள். இரண்டிலும் பக்கவாட்டில் தோள் போன்ற புடைப்பு எதுவும் இல்லாமல் அதே பீக் வளர்ந்து, அதே நேரத்தில் அதே மண் வாசனை கூடினால் அறிக்கையில் பெயரை எழுதலாம். ஒரு குழாயில் மட்டும் பொருந்தினால் “ஜியோஸ்மினாக இருக்கலாம்” என்றுதான் எழுத வேண்டும்.